தொனி மொழிகளும் தொனிப் புணர்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சீன மொழி கற்கத் தொடங்கும் தமிழர்கள் சிலருக்கு வார இறுதிகளில் உதவி வருகிறேன். ஆண்டுதோறும் ஆட்கள் மாறினாலும் ஐயங்கள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான எடுத்துக்காட்டுகள் மாண்டரின் சீனத்திலிருந்து வருபவை. சொல்லுக்குப் பின்னால் உள்ள எண் அதன் தொனியைக் குறிக்கும்: 1 உயரத்தில் நிலைத்து நிற்பது, 2 ஏறுவது, 3 தாழ்ந்து கிடப்பது, 4 உச்சியிலிருந்து விழுவது.

தமிழிலும்தான் குரலை ஏற்றி இறக்கிப் பேசுகிறோம். பிறகு சீனத்தை மட்டும் ஏன் தொனி மொழி என்கிறார்கள்?

"வந்தான்" என்று தகவலாகச் சொல்லும்போது குரல் இறங்குகிறது, "வந்தான்?" என்று கேள்வியாகக் கேட்கும்போது ஏறுகிறது. இரண்டிலும் சொல் ஒன்றுதான், வருகை என்னும் பொருளும் ஒன்றுதான். மாறியது சொல்பவரின் நோக்கம் மட்டுமே. தமிழில் குரலின் ஏற்ற இறக்கம் வாக்கியத்துக்கு உரியது.

மாண்டரினில் அது சொல்லுக்கே உரியது. மாய்3 என்றால் வாங்குவது, மாய்4 என்றால் விற்பது, மாய்2 என்றால் புதைப்பது. மெய்யும் உயிரும் மூன்றிலும் ஒன்றே. நமக்குப் "பல்" வேறு, "பள்" வேறு என்பதுபோல அவர்களுக்கு இவை மூன்றும் தனித்தனிச் சொற்கள். ஆகவே தொனியை மறந்துவிட்டுச் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்வது, லகர ளகர வேறுபாட்டை விட்டுவிட்டுத் தமிழ் கற்பதைப் போன்றது.

ஆண்களின் குரல் தாழ்ந்தது, பெண்களின் குரல் உயர்ந்தது. பிறகு "உயர்ந்த தொனி" என்பதை எதை வைத்து அளப்பது?

பேசுபவரின் சொந்தக் குரல் எல்லையை வைத்தே அளக்க வேண்டும். ஓர் ஆணின் உயர்ந்த தொனி ஒரு பெண்ணின் தாழ்ந்த தொனியைவிடக் கீழே இருக்கலாம். கேட்பவருக்கு அதனால் எந்தச் சிக்கலும் வருவதில்லை. ஓரிரு சொற்களைக் கேட்டதும் பேசுபவரின் எல்லை எதுவென்று காது கணித்துக்கொள்கிறது. பாடகர் எந்தச் சுருதியில் பாடினாலும் பஞ்சமம் பஞ்சமமாகவே கேட்பதைப் போன்றது இது.

யுவென் ரென் சாவ் என்ற சீன மொழியியலறிஞர் 1930-இல் இதற்கு எளிய அளவுகோல் ஒன்றை வகுத்தார். ஒருவரின் குரல் எல்லையை ஐந்து படிகளாகப் பிரித்து, அடியை 1 என்றும் உச்சியை 5 என்றும் கொண்டு, தொனி தொடங்கும் படியையும் முடியும் படியையும், நடுவில் திரும்பினால் திரும்பும் படியையும் எழுத வேண்டும். மாண்டரினின் முதல் தொனி 55, இரண்டாவது 35, மூன்றாவது 214, நான்காவது 51. இந்த 214 என்ற எண்ணால் விளையும் குழப்பத்துக்குப் பின்னர் வருகிறேன்.

இந்தியாவில் தொனி மொழி எதுவும் உண்டா?

உண்டு. மணிப்புரி, மிசோ, போடோ போன்ற திபெத்திய-பர்மியக் குடும்ப மொழிகள் தொனி உடையவை. பலர் எதிர்பாராதது பஞ்சாபி. அதில் "கோடா" போன்று ஒலிக்கும் ஒரே அசைத்தொடர் தாழ்ந்த தொனியில் குதிரையையும், உயர்ந்த தொனியில் தொழுநோயாளியையும், இரண்டுமில்லாத இயல்பான தொனியில் சாட்டையையும் குறிக்கிறது. இந்தியில் குதிரைக்கு உள்ள சொல்லின் முதல் எழுத்து அதிர்ந்தும் மூச்சோடும் ஒலிக்கும் ககரம். பஞ்சாபியில் அந்த மூச்சொலி தேய்ந்து மறைந்து, அது விட்டுச்சென்ற தடமாகத் தாழ்ந்த தொனி நிலைத்துவிட்டது. மெய்யெழுத்துகளிடையே இருந்த வேறுபாடு மறையும்போது தொனி பிறப்பது உலகின் பல மொழிகளில் நடந்திருக்கிறது.

மட்டத் தொனி, வளைவுத் தொனி என்று இரண்டு வகை சொல்கிறார்கள். எளிமையாக விளக்க முடியுமா?

குரல் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதே சொல்லைப் பிரித்துக்காட்டினால் அது மட்டத் தொனி. குரல் எந்தத் திசையில் நகர்கிறது என்பது பிரித்துக்காட்டினால் அது வளைவுத் தொனி. கென்னத் பைக் என்ற அமெரிக்க மொழியியலறிஞர் 1948-இல் வெளியிட்ட நூலில் இப்பாகுபாட்டை விரிவாக விளக்கினார்.

மட்டத் தொனிக்கு நைஜீரியாவில் பேசப்படும் யொரூபா நல்ல எடுத்துக்காட்டு. அதில் உயர்வு, நடு, தாழ்வு என மூன்றே மட்டங்கள். "ஒக்கொ" என்று ஒலிக்கும் ஈரசைச் சொல்லை எடுத்துக்கொள்வோம். இரண்டு அசையும் நடுமட்டத்தில் இருந்தால் கணவன். நடுவும் உயர்வும் என்றால் மண்வெட்டி. நடுவும் தாழ்வும் என்றால் வண்டி. இரண்டும் தாழ்வு என்றால் ஈட்டி. ஒவ்வோர் அசையும் ஒரு படியில் நிற்கிறது, அவ்வளவுதான். மாண்டரினிலோ ஒரே அசைக்குள்ளாகவே குரல் ஏறுவதும் விழுவதும் பொருளைத் தீர்மானிக்கின்றன.

உலக மொழிகள் இந்த இரண்டு பெட்டிகளில் ஒழுங்காக அடங்குவதில்லை. கான்டனீஸ் சீனத்தில் உள்ள ஆறு தொனிகளில் மூன்று வெறும் மட்டங்கள், இரண்டு ஏறுபவை, ஒன்று இறங்குவது. பெயரைவிட, குறிப்பிட்ட மொழியில் எது பொருளைப் பிரிக்கிறது என்று பார்ப்பதே பயன் தரும்.

யொரூபா பேச்சைக் கேட்டேன். அதிலும் குரல் ஓர் அசைக்குள்ளேயே ஏறுகிறதே. அப்படியானால் அதுவும் வளைவுத் தொனிதானே?

காதில் விழுந்தது சரிதான். ஆனால் அந்த ஏற்றம் தனித் தொனி அன்று. கனவைக் குறிக்கும் "அலா" என்ற யொரூபாச் சொல்லில் முதல் அசை தாழ்வு, இரண்டாவது உயர்வு. தாழ்விலிருந்து உயர்வுக்குக் குரல் ஒரே துள்ளலில் போவதில்லை. தாழ்வின் நீட்சி இரண்டாம் அசையின் தொடக்கத்திலும் படர்வதால், அந்த அசை கீழிருந்து மேலே ஏறுவதாகக் கேட்கிறது. உயர்வுக்குப் பின் தாழ்வு வந்தால் இதே காரணத்தால் இறக்கம் கேட்கும்.

சோதிக்கும் வழி எளிது: அந்த ஏற்றம் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். யொரூபாவில் தாழ்வுக்குப் பின் நிற்கும் உயர்வில்தான் அது வருகிறது. எனவே பக்கத்து அசையைக் கொண்டே அதை விளக்கிவிடலாம். மாண்டரினின் இரண்டாம் தொனியோ தனியாக நிற்கும் ஒற்றை அசையிலும் ஏறுகிறது. அதற்குப் பக்கத்துணை தேவையில்லை.

மூன்றாம் தொனி கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டும் என்று படித்தேன். சீனர்கள் பேசும்போது அந்த ஏற்றம் கேட்கவே இல்லையே?

நீங்கள் கேட்டது சரி. பாடநூலில் கொடுத்திருப்பது தனிச்சொல்லின் வடிவம். சாவ் எழுதிய 214 என்ற எண், சொல்லைத் தனியாகவோ தொடரின் கடைசியிலோ நிறுத்திச் சொல்லும்போது பொருந்தும். பின்னால் முதலாம், இரண்டாம், நான்காம் தொனிகளில் ஒன்று வந்தால் அந்த மேலேறும் வால் உதிர்ந்துவிடும். எஞ்சுவது 21, அதாவது அடித்தளத்தில் படுத்துக் கிடக்கும் தாழ்ந்த குரல். இதை அரை மூன்றாம் தொனி என்பார்கள். தொடர்ந்த பேச்சில் நீங்கள் மிகுதியாகக் கேட்பது இந்த அரை வடிவத்தைத்தான்.

என்னிடம் வருபவர்கள் செய்யும் முதன்மையான பிழை இங்கேதான் பிறக்கிறது. ஒவ்வொரு மூன்றாம் தொனியையும் இறக்கி ஏற்றி முழுதாகச் சொல்ல முயல்கிறார்கள். அதற்கு நேரம் பிடிப்பதால் பேச்சு தடுக்கித் தடுக்கி வருகிறது. கடைசியில் உள்ள ஏற்றம் இரண்டாம் தொனியாகவும் கேட்டுவிடுகிறது. ஆகவே மூன்றாம் தொனியைத் "தாழ்ந்த தொனி" என்றே மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு சொல்கிறேன். முதலாவதைப் போலவே மூன்றாவதும் வளைவைவிட மட்டத்துக்கு நெருங்கியது என்பது என் கருத்து. மொழியியலாளர் பலரும் அவ்வாறே கொள்கிறார்கள்.

"நி ஹாவ்" என்பதில் இரண்டுமே மூன்றாம் தொனி என்று அகராதி காட்டுகிறது. முதல் அசை ஏறுகிறதே, ஏன்?

இதுதான் தொனிப் புணர்ச்சி. இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முந்தையது இரண்டாம் தொனியாகத் திரிகிறது. நி3 ஹாவ்3 என்பது நி2 ஹாவ்3 என்று ஒலிக்கிறது.

இது தமிழருக்குப் புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. பொன் என்னும் சொல் குடத்தோடு சேர்ந்தால் பொற்குடம் ஆகிறது. தனியே நிற்கும்போது பொன் பொன்தான். நிலைமொழியின் ஈறு வருமொழியைப் பார்த்துத் திரிவதுபோல, அங்கே நிலைமொழியின் தொனி வருமொழியின் தொனியைப் பார்த்துத் திரிகிறது. மொழியியலாளர்கள் இதற்கு வழங்கும் சொல்லும் வடமொழி இலக்கணத்தின் "சந்தி" என்பதே.

வேறுபாடு ஒன்று உண்டு. நாம் பொற்குடம் என்று திரிந்த வடிவத்தையே எழுதுகிறோம். சீன எழுத்து ஒலியைக் காட்டுவதில்லை. உரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறையிலும் திரியாத மூன்றாம் தொனிக் குறியையே போடுவது மரபு. படிப்பவர்தான் புணர்த்திப் படிக்க வேண்டும்.

அப்படி மாறினால் வேறு சொல்லோடு குழப்பம் வராதா?

வரும். மாய்3 மா3 என்றால் குதிரை வாங்குவது; மாய்2 மா3 என்றால் குதிரையைப் புதைப்பது. புணர்ச்சிக்குப் பின் முதல் தொடரும் மாய்2 மா3 ஆகிவிடுகிறது. 1967-இல் வில்லியம் வாங், கே.பி. லி என்ற மொழியியலாளர்கள் இத்தகைய இணைகளைத் தாய்மொழியாளர்களுக்கு ஒலிக்கச் செய்து, கேட்டது எது என்று கேட்டார்கள். சரியான விடைகள் ஏறத்தாழப் பாதிதான். நாணயத்தைச் சுண்டிப்போட்டாலும் அதே அளவு கிடைத்திருக்கும். பின்னர் கருவிகளால் அளந்தவர்கள், திரிந்து வந்த ஏற்றம் இயல்பான இரண்டாம் தொனியைவிடச் சற்றே தாழ்ந்திருப்பதைக் கண்டார்கள். ஆனால் அந்தச் சிறு வேறுபாட்டைக் காது பயன்படுத்திக்கொள்வதில்லை.

நடைமுறையில் சூழல் கைகொடுக்கிறது. சந்தையில் நிற்பவர் குதிரையைப் புதைப்பதைப் பற்றிக் கேட்கமாட்டார்.

மூன்று மூன்றாம் தொனிகள் சேர்ந்து வந்தால் என்ன செய்வது?

எந்தச் சொல் எந்தச் சொல்லோடு முதலில் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். அசைகளை இடமிருந்து எண்ணிக்கொண்டு போனால் விடை கிடைக்காது.

"காட்சிக்கூடம்" என்பதற்கான ஜான்3 லான்3 குவான்3 என்பதில் முதல் இரண்டும் சேர்ந்து "காட்சி". அதனோடு "கூடம்" பிறகு சேர்கிறது. முதலில் ஜான் லான் புணர்ந்து 2-3 ஆகும். பிறகு குவான் வந்து சேரும்போது லான்3 இன்னொரு மூன்றாம் தொனியின் முன் நிற்பதால் அதுவும் திரியும். முடிவு 2-2-3.

"காகிதப் புலி" என்பதற்கான ஜி3 லாவ்3 ஹூ3 என்பதில் பின் இரண்டும் சேர்ந்து "புலி". முதலில் லாவ் ஹூ புணர்ந்து 2-3 ஆகிவிடும். அதன்பின் முன்னால் வந்து ஒட்டும் ஜி3, இரண்டாம் தொனியின் முன்தான் நிற்கிறது. எனவே திரிய வேண்டிய காரணமே இல்லை. முடிவு 3-2-3, அந்த முதல் 3-உம் மேலே சொன்ன அரை வடிவம்.

தொடரின் உள்ளமைப்பைக் கேட்டுத்தான் புணர்ச்சி நடக்கிறது என்பது நமக்கும் பழக்கமானதே. யானையின் கால் என்ற பொருளில் "யானைக்கால்" என ஒற்று மிகுகிறது. யானையும் குதிரையும் என்ற பொருளில் "யானை குதிரை" என மிகாமல் நிற்கிறது. இரண்டிலும் ஐகாரத்தின் பின் ககரம்தான். சொற்களுக்கிடையே உள்ள உறவே வேறு.

ஐந்து வந்தால்? "லாவ் லி நல்ல மது வாங்குகிறார்" என்ற வாக்கியம் முழுக்க மூன்றாம் தொனி என்கிறார்களே?

லாவ்3 லி3 மாய்3 ஹாவ்3 ஜியூ3. சொல்லுக்குச் சொல்: முதிய, லி, வாங்கு, நல்ல, மது. சீன இலக்கண வகுப்புகளில் இது பழைய வாக்கியம். முன் விடையில் சொன்ன முறையிலேயே போவோம். லாவ் லி ஒரு பெயர், புணர்ந்தால் 2-3. ஹாவ் ஜியூ "நல்ல மது", புணர்ந்தால் 2-3. அதன் முன் மாய்3 வந்து சேர்கிறது, அடுத்திருப்பது இரண்டாம் தொனி என்பதால் அது திரியாது, 3-2-3. இப்போது இரு பகுதிகளையும் அருகருகே வைத்தால் 2-3, 3-2-3.

நிதானமாகப் பேசுபவர் பெயருக்குப் பின் சிறிது நிறுத்தி இதை இப்படியே சொல்வார். நிறுத்தாமல் சொன்னால் லி3, மாய்3 இரண்டும் உரசிக்கொள்ளும். லி திரிந்து 2-2-3-2-3 ஆகும். விரைந்து பேசும்போது உள்ளமைப்பெல்லாம் கரைந்து, கடைசி அசை தவிர மற்ற அனைத்தும் ஏறி 2-2-2-2-3 என்றாகும். மூன்றுமே சரியான உச்சரிப்புகள். "எது சரி" என்று கேட்பவர்களிடம், எவ்வளவு வேகமாகப் பேசப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான்.

"பு", "யி" என்ற சொற்களின் தொனியும் மாறுகிறதே. அதுவும் இதே விதியா?

இல்லை, அவை அந்தச் சொற்களுக்கு மட்டும் உரியவை. "இல்லை" எனப்படும் பு4, இன்னொரு நான்காம் தொனியின் முன் பு2 ஆகும். "ஒன்று" எனப்படும் யி1, நான்காம் தொனியின் முன் யி2 ஆகவும் மற்றவற்றின் முன் யி4 ஆகவும் மாறும். எண்களை வரிசையாகச் சொல்லும்போது மாறாது. மனப்பாடம் செய்துவிடுவதே நல்லது.

என் அண்டை வீட்டார் ஹொக்கியன் பேசுகிறார்கள். அதில் எல்லாத் தொனியும் மாறுகிறது என்கிறார்கள். அது எப்படி?

மாண்டரினில் புணர்ச்சி ஒரு குறிப்பிட்ட சந்திப்பில் மட்டும் நடக்கிறது. ஹொக்கியன் என்ற இன்னொரு சீன வழக்கில் அடுத்து வரும் தொனி எது என்ற கேள்வியே பெரும்பாலும் எழுவதில்லை. சொற்கள் குழுக்களாகப் பிரிகின்றன. குழுவின் கடைசி அசை மட்டும் தன் இயல்பான தொனியில் நிற்கிறது. அதற்கு முன்னுள்ள அசைகள் அனைத்தும் திரிந்த தொனிக்கு மாறுகின்றன. ஆகவே அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்து நிற்கும் தொனி ஒன்று, தொடரில் நிற்கும் தொனி ஒன்று என இரண்டு உண்டு.

சீனாவின் சியாமென் நகர ஹொக்கியனில் இந்த மாற்றம் ஒரு வட்டமாகவே அமைந்திருக்கிறது. உயர்மட்டம் தாழ்மட்டமாகும், தாழ்மட்டம் அதற்கும் கீழே அடியில் இறங்கும், அடியில் இருப்பது உச்சியிலிருந்து விழும் தொனியாகும், விழுவது உயர்மட்டமாகித் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். ஏறும் தொனி மட்டும் வட்டத்துக்கு வெளியிலிருந்து வந்து தாழ்மட்டத்தில் சேரும். இறுதியில் க், த், ப் போன்று அடைபடும் அசைகளுக்குத் தனி வழி உண்டு.

நம் வீட்டுச் சொல் ஒன்றையே பார்க்கலாம். தேயிலை, தேநீர் என்பவற்றில் உள்ள "தே" ஹொக்கியன் சொல். ஐரோப்பியக் கப்பல் வணிகத்தின் வழியாக உலகெங்கும் பரவியது. சியாமெனில் தனியாகச் சொன்னால் அது ஏறும் தொனியில் ஒலிக்கும். தேயிலையைக் குறிக்கும் "தே பி" என்ற கூட்டுச்சொல்லில் முன்னால் நிற்பதால் ஏற்றத்தை இழந்து தாழ்மட்டமாகும். நம்மிடம் வந்து சேர்ந்தபோது தொனி எதுவும் எஞ்சவில்லை.

எனக்குச் சரியாக வருகிறதா என்று ஆசிரியர் இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது?

Praat என்ற இலவச மென்பொருளில் உங்கள் குரலைப் பதிவுசெய்து, குரலின் உயரத்தைக் கோடாக வரைந்து பார்க்கலாம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது அது. மாய்3 மா3, மாய்2 மா3 இரண்டையும் பதிவுசெய்து கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். இரண்டிலும் முதல் அசை ஏறி, இரண்டாவது அடியில் கிடந்தால் புணர்ச்சி வந்துவிட்டது. முதல் தொடரில் முதல் அசை இறங்கி ஏறினால் நீங்கள் இன்னும் அகராதியையே பேசுகிறீர்கள். மூன்றாம் தொனியின் அடியில் கோடு அறுந்தாலோ திடீரெனப் பாதி உயரத்துக்குக் குதித்தாலோ பதற வேண்டாம். மிகத் தாழ்ந்த குரல் கரகரப்பதால் மென்பொருள் தடுமாறுகிறது, தாய்மொழியாளர் பதிவிலும் அவ்வாறு வரும்.

தமிழர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேள்வி கேட்கும்போது நம் குரல் கடைசி அசையில் தானாக ஏறிவிடுகிறது. சென்ற மாதம் ஒருவர் "விற்கிறீர்களா?" என்று கேட்க நினைத்து மாய்4 என்பதை மேல்நோக்கி இழுத்தார், கோட்டைப் பார்த்தால் அப்பட்டமான மாய்2, அதாவது "புதைக்கிறீர்களா?" மாண்டரினில் கேள்வி கேட்பவர் தொடரின் குரல் எல்லையையே சற்று மேலே தூக்குகிறார், அந்த உயரத்திலிருந்தும் நான்காம் தொனி விழத்தான் செய்கிறது. அவரை முதலில் தகவலாக ஒருமுறை சொல்லச் செய்து, பிறகு அதே வீழ்ச்சியை ஒரு படி மேலிருந்து தொடங்கச் சொன்னேன். நான்காவது பதிவில் கோடு விழுந்தது.